போட்டோவில் வந்த பேலன்ஸ் ஷீட்டிலிருந்து விகித அட்டவணை வரை: ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு

ஈரோட்டுப் பக்கம் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஆடிட்டர் கொடுத்த பேலன்ஸ் ஷீட். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின், நடுவில் மடிப்பு, பாதிப் பக்கத்தில் அவருடைய தலை நிழல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “தம்பி, சிசி லிமிட் புதுப்பிக்கணும். மேனேஜர் ரேஷியோ எல்லாம் ஒரு பேப்பர்ல போட்டுக் கொண்டு வரச் சொல்றார். எப்படி வந்துச்சுன்னும் காட்டணுமாம்.” சிசி என்றால் கேஷ் கிரெடிட், வங்கி கொடுத்த லிமிட்டுக்குள் கடை எடுத்தும் கட்டியும் வரும் கடன்.

அந்தப் போட்டோ எப்படி ஒரு பக்க அட்டவணையாக மாறியது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்குப் படிப்பு வேண்டாம். கூட்டல், வகுத்தல் தெரிந்து, எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸைத் திறக்கத் தெரிந்தால் போதும். கடையை அடையாளம் காண முடியாதபடி தொகைகளை மாற்றியிருக்கிறேன். கணக்கின் அமைப்பு மட்டும் அப்படியே.

முதலில் போட்டோ

மடிப்பையும் நிழலையும் பார்த்ததும் திரும்ப எடுக்கச் சொன்னேன். பேப்பரைப் பின் கழற்றித் தட்டையாக மேசைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, போனை நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்துக்கு ஒரு போட்டோ, நான்கு ஓரமும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அதனால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பான் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

பேலன்ஸ் ஷீட் மட்டும் போதாது. அதனுடன் சேர்த்துத் தைத்திருக்கும் வர்த்தகக் கணக்கு, லாப நட்டக் கணக்குப் பக்கமும் வேண்டும். சில விகிதங்களுக்கு வருட விற்பனை தேவை, அது பேலன்ஸ் ஷீட்டில் இருக்காது.

போட்டோ வந்ததும் தொகைகளைப் பார்க்கும் முன் தலைப்பை வாசியுங்கள். எந்தத் தேதி? இந்தக் கடைக்கு 31.3.2025. இறுதியா, ‘புரொவிஷனல்’ என்று போட்ட தற்காலிகக் கணக்கா? தொகை முழு ரூபாயிலா, ஆயிரத்திலா, லட்சத்திலா? தனிநபர் கடைகளில் பெரும்பாலும் முழு ரூபாய்தான் இருக்கும். கம்பெனிக் கணக்கு என்றால் வலது மூலையில் சின்ன எழுத்தில் ‘ஆயிரங்களில்’ என்று போட்டிருப்பார்கள். விகிதம் போடும்போது மேலும் கீழும் அதே அளவு வருவதால் அது தொந்தரவு செய்யாது. ஆனால் வேறு இடத்திலிருந்து ஒரு தொகையை முழு ரூபாயில் கொண்டுவந்து இதில் சேர்க்கும்போது கணக்கு கவிழ்ந்துவிடும்.

படத்தை ஷீட்டுக்குள் கொண்டுவருவது

எக்செல்லில் `Data from Picture` என்று ஒரு வசதி இருக்கிறது. போன் ஆப்பிலும் உண்டு. படத்தைக் கொடுத்தால் கட்டம் கட்டமாகப் பிரித்து, சந்தேகமான கட்டங்களை நிறமிட்டுக் காட்டி, சரிபார்க்கச் சொல்லும். கூகுள் லென்ஸில் எழுத்தை நகலெடுத்தும் ஒட்டலாம், ஆனால் வரிசை கலைந்து வரும்.

என்னைக் கேட்டால் இந்த அளவு கணக்குக்குக் கையால் அடிப்பதே மேல். ஒரு சின்னக் கடையின் பேலன்ஸ் ஷீட்டில் இருபது தொகைக்கு மேல் தேறாது. பத்து நிமிட வேலை. கருவி படித்ததைச் சரிபார்க்கவும் அதே பத்து நிமிடம் ஆகும். பல பக்க இணைப்புகளோடு வரும் கணக்குக்குத்தான் கருவி லாபம்.

கையால் அடிப்பதானாலும் கருவி படிப்பதானாலும் ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். நம் ஊர்ப் பேலன்ஸ் ஷீட்டில் இடது பக்கம் பொறுப்புகள், வலது பக்கம் சொத்துகள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தொகைப் பத்திகள் இருக்கும். உள் பத்தியில் விவரம், வெளிப் பத்தியில் அதன் முடிவு. இந்தக் கடையின் மூலதனக் கணக்கு இப்படி இருந்தது: ஆரம்ப இருப்பு 14,20,000, கூட்டு நிகர லாபம் 6,35,400, கழி சொந்தச் செலவுக்கு எடுத்தது 4,10,000. இந்த மூன்றும் உள் பத்தி. வெளிப் பத்தியில் 16,45,400. அதேபோல் நிலைச் சொத்து: 9,60,000, கழி தேய்மானம் 1,17,700, வெளியே 8,42,300.

நமக்கு வேண்டியது வெளிப் பத்தி மட்டும். கருவிகள் பலமுறை இரண்டு பத்திகளையும் ஒன்றாக்கிவிடும், அப்போது மூலதனம் இரண்டு தடவை கூட்டப்படும். உள் பத்தியைத் தூக்கி எறியவும் வேண்டாம். கழித்தால் வெளித்தொகை வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அடிக்கும்போது கமா போடாதீர்கள். 9,78,350 என்பதை 978350 என்றே அடியுங்கள். ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் நம் லட்சக் கமாவைப் பார்த்து அதை எண் என்று எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எழுத்தாகிவிட்ட தொகையை `SUM` கூட்டாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். கண்டுபிடிப்பது எளிது: எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கருவி படித்த தொகைகளில் கமா, ‘/-’ எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால் பக்கத்துக் கட்டத்தில் இப்படிக் கழுவலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(B7,"/-",""),",",""))
```

ஷீட்டுக்கு `BS` என்று பெயர் வையுங்கள். `A` பத்தியில் தலைப்பு, `B` பத்தியில் தொகை. `C` பத்தியைக் காலியாக விடுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

கூட்டுத்தொகை இடிக்கும்போது

போட்டோவின் அடியில் இரு பக்கமும் ஒரே கூட்டுத்தொகை இருக்கும். இந்தக் கடைக்கு 46,65,500. அதை ஒரு கட்டத்தில் தனியாக அடித்து, நீங்கள் அடித்த தொகைகளின் கூட்டலிலிருந்து கழித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம் வரும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. இதில் மட்டும் நான் கறார்.

எனக்கு முதல் தடவை பூஜ்யம் வரவில்லை. பொறுப்புப் பக்கம் 9,000 அதிகம். சொத்துப் பக்கம் 5,000 குறைவு. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, வித்தியாசமே துப்புக் கொடுக்கும்.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்கலாம். 9,000 என்றால் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் மாறியிருக்கும், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 1. அப்படிப் பார்த்தால் சண்ட்ரி கிரெடிட்டர்ஸ், அதாவது சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி 9,78,350-ஐ நான் 9,87,350 என்று அடித்திருந்தேன்.

வித்தியாசம் 5,000, 50,000 என்று ஒற்றை 5-ம் பூஜ்யங்களுமாக வந்தால் 3-ஐயும் 8-ஐயும் மாற்றிப் படித்திருக்கச் சாத்தியம் அதிகம். அந்த ஆயிரம் இடத்தில் 3 அல்லது 8 இருக்கும் தொகைகளை மட்டும் தேடுங்கள். கடன்காரர்களிடமிருந்து வர வேண்டிய 13,28,700-ஐ நிழல் மறைத்ததில் 13,23,700 என்று படித்திருந்தேன். இதேபோல் 6 இருந்தால் 1-ஐ 7 என்று படித்திருப்பீர்கள். வித்தியாசம் ஒரு வரியின் தொகைக்கே சமமாக இருந்தால் அந்த வரியை விட்டிருப்பீர்கள் அல்லது அது எழுத்தாக மாறியிருக்கும். வித்தியாசம் ஏதாவது ஒரு தொகையின் இரண்டு மடங்காக இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருப்பீர்கள். பேலன்ஸ் ஷீட்டில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் தொகை கழிக்க வேண்டிய தொகை.

பூஜ்யம் வந்த பிறகும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. இரண்டு வரிகளின் தொகை ஒன்றுக்கொன்று மாறி உட்கார்ந்திருந்தால் கூட்டுத்தொகை இடிக்காது. அதனால் போட்டோமேல் ஒரு அட்டையை வைத்து நகர்த்தியபடி ஒரு தடவை வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

எது குறுகிய காலம், எது நீண்ட காலம்

இதுதான் வேலையின் உயிர்நாடி. ஃபார்முலா எல்லாம் ஒரு வகுத்தல்தான். அந்த வகுத்தலில் எந்தத் தொகை போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போட்டோவில் இருந்த தலைப்புகளை அப்படியே நம்பி நடப்பு விகிதம் போட்டால் என்ன வரும் என்று முதலில் பார்ப்போம். நடப்புச் சொத்து என்றால் ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடியவை: சரக்கு, வர வேண்டிய பாக்கி, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், டிடிஎஸ், ரொக்கம், வங்கி இருப்பு. மொத்தம் 35,23,200. நடப்புப் பொறுப்பு என்று ஆடிட்டர் தலைப்பிட்டிருந்தவை: சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி, வாடிக்கையாளர் முன்பணம், கட்ட வேண்டிய ஜிஎஸ்டி, கொடுபடாத செலவு. மொத்தம் 11,09,250. வகுத்தால் 3.18. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

வங்கி மேனேஜர் அதைப் பார்த்தால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் மூன்று இடங்களில் வேறு மாதிரி படிப்பார்.

முதலாவது, சிசி கணக்கு. போட்டோவில் 11,86,250 ‘செக்யூர்டு லோன்ஸ்’ தலைப்பில் வாகனக் கடனோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது. அடமானம் வைத்து வாங்கியது என்பதால் ஆடிட்டர் அங்கே போட்டதில் தவறில்லை. ஆனால் சிசி என்பது வங்கி கேட்டதும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படுவது. ஆகவே விகிதக் கணக்கில் அது நடப்புப் பொறுப்பு. சின்னக் கடைகளின் கணக்கில் நடப்பு விகிதம் தவறாக வருவதற்கு இந்த ஒற்றை வரிதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, வாகனக் கடன் 3,24,600. இதில் அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய அசல் நடப்புப் பொறுப்பு, மீதிதான் நீண்ட காலக் கடன். இந்தப் பிரிவு போட்டோவில் இருக்காது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தவணை அட்டவணையைப் பார்க்க வேண்டும். இங்கே அசல் 1,08,000 வந்தது. தவணையைப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள், அதில் வட்டியும் கலந்திருக்கும்.

மூன்றாவது, வர வேண்டிய பாக்கி 13,28,700. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கியை வங்கிகள் பொதுவாக நடப்புச் சொத்தில் சேர்ப்பதில்லை. டாலியில் பில் வாரியாகக் கணக்கு வைத்திருந்தால் வயது வாரிப் பட்டியல் கிடைக்கும். அண்ணன் கடையில் நோட்டுதான். உட்கார்ந்து பிரித்தோம். மூன்று பில்டர்களிடம் மட்டும் 1,90,000 ஆறு மாதம் தாண்டி நின்றது. “அது வந்துரும் தம்பி” என்றார். வரும்தான். ஆனாலும் தனி வரியில் போட்டேன்.

கடை வாடகைக்குக் கொடுத்த அட்வான்ஸ் 3,00,000-உம் நடப்புச் சொத்து அல்ல. கடையைக் காலி செய்தால்தான் அது வரும்.

இதையெல்லாம் ஷீட்டில் காட்டத்தான் `C` பத்தி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி: சொந்த முதல் `NW`, நடப்புப் பொறுப்பு `CL`, நீண்ட காலக் கடன் `TL`, நிலைச் சொத்து `FA`, நடப்புச் சொத்து `CA`, இரண்டிலும் சேராத சொத்து `NCA`. வாகனக் கடனையும் பாக்கியையும் இரண்டிரண்டு வரியாகப் பிரித்த பிறகு `BS` ஷீட் இப்படி நின்றது:

| வரி | A: தலைப்பு | B: தொகை | C: குறி |
|---|---|---|---|
| 2 | மூலதனம் | 1645400 | NW |
| 3 | வங்கி சிசி | 1186250 | CL |
| 4 | வாகனக் கடன், 12 மாதத்துக்குள் | 108000 | CL |
| 5 | வாகனக் கடன், அதற்குப் பின் | 216600 | TL |
| 6 | மைத்துனரிடம் வாங்கியது | 400000 | TL |
| 7 | சரக்குப் பாக்கி கொடுக்க வேண்டியது | 978350 | CL |
| 8 | வாடிக்கையாளர் முன்பணம் | 65000 | CL |
| 9 | கட்ட வேண்டிய ஜிஎஸ்டி | 38400 | CL |
| 10 | கொடுபடாத செலவு | 27500 | CL |
| 12 | நிலைச் சொத்து | 842300 | FA |
| 13 | கடை அட்வான்ஸ் | 300000 | NCA |
| 14 | இறுதிச் சரக்கு | 1865000 | CA |
| 15 | வர வேண்டிய பாக்கி, 6 மாதத்துக்குள் | 1138700 | CA |
| 16 | வர வேண்டிய பாக்கி, 6 மாதத்துக்கு மேல் | 190000 | NCA |
| 17 | ஆட்களுக்கு முன்பணம் | 45000 | CA |
| 18 | டிடிஎஸ் வர வேண்டியது | 30000 | CA |
| 19 | ரொக்கம் | 41250 | CA |
| 20 | வங்கி இருப்பு | 213250 | CA |

வரி 11 காலி. போட்டோவில் அச்சிட்டிருக்கும் கூட்டுத்தொகை 4665500-ஐ `E1`-இல் அடித்து, `E2`, `E3` கட்டங்களில் சரிபார்ப்பை நிரந்தரமாகவே வைத்துவிட்டேன்:

```
=SUM(B2:B10)-E1
=SUM(B12:B20)-E1
```

விகித ஷீட்

இரண்டாவது ஷீட்டைத் திறந்து `Ratio` என்று பெயரிடுங்கள். `A` பத்தியில் பெயர். `B2` முதல் `B8` வரை அடிப்படைத் தொகைகள், வரிசையாக இப்படி:

```
=SUMIF(BS!C:C,"CA",BS!B:B)
=SUMIF(BS!C:C,"CL",BS!B:B)
=SUMIF(BS!C:C,"NW",BS!B:B)
=SUMIF(BS!C:C,"TL",BS!B:B)
=BS!B14
11240000
9305000
```

முதல் நான்கும் குறியைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். நடப்புச் சொத்து 33,33,200, நடப்புப் பொறுப்பு 24,03,500, சொந்த முதல் 16,45,400, நீண்ட காலக் கடன் 6,16,600. ஐந்தாவது சரக்கு. இந்த முறையின் வசதி என்னவென்றால், மேனேஜர் “இந்தப் பாக்கியையும் எடுத்துவிடுங்கள்” என்று சொன்னால் `C` பத்தியில் ஒரு குறியை மாற்றினால் போதும், அட்டவணை முழுக்கத் தானே மாறிவிடும்.

கடைசி இரண்டும் வர்த்தகக் கணக்கிலிருந்து வருபவை. 1,12,40,000 வருட விற்பனை. 93,05,000 விற்ற சரக்கின் அடக்கம். இந்த இரண்டாவது தொகை பல கணக்குகளில் நேரடியாக அச்சாகியிருக்காது. ஆரம்பச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி இறுதிச் சரக்கைக் கழிக்க வேண்டும்: 16,90,000 + 94,80,000 − 18,65,000. வண்டி வாடகை, இறக்குக் கூலி போல சரக்கோடு சேர்ந்த செலவு அங்கே இருந்தால் அதையும் கூட்டுங்கள். இந்தக் கடையில் அது தனியாக இல்லை.

இனி விகிதங்கள், `B11` முதல் `B15` வரை:

```
=B2/B3
=(B2-B6)/B3
=(B3+B5)/B4
=B6/B8*365
=(BS!B15+BS!B16)/B7*365
```

“எப்படி வந்துச்சுன்னு காட்டணும்” என்பதற்கு இரண்டு பத்திகள். `C11`-இல் ஃபார்முலாவையே எழுத்தாகக் காட்டச் சொல்லலாம், `D11`-இல் அதில் போன தொகைகளைக் காட்டலாம்:

```
=FORMULATEXT(B11)
=TEXT(B2,"0")&" / "&TEXT(B3,"0")
```

`FORMULATEXT` எக்செல் 2013-இலிருந்து உண்டு, கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்யும். ஃபார்முலாவைக் கையால் தட்டச்சு செய்து பக்கத்தில் வைப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் பிற்பாடு நீங்கள் `B11`-ஐ மாற்றினால் இதுவும் கூடவே மாறும். காட்டுவது ஒன்று, கணக்கிட்டது இன்னொன்று என்று ஆகாது. அச்செடுக்கும்போது `B` பத்தியை முதல் மூன்று விகிதங்களுக்கு இரண்டு தசமமாகவும், நாட்களுக்குத் தசமம் இல்லாமலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரிடம் போன பேப்பர் இதுதான். செல் பெயர்கள் அவருக்குப் புரியாது என்பதால் ஃபார்முலாவைச் சொல்லாலும் ஒரு பத்தியில் எழுதினோம்.

| விகிதம் | எப்படி | ஃபார்முலா | தொகைகள் | விடை |
|---|---|---|---|---|
| நடப்பு விகிதம் | நடப்புச் சொத்து ÷ நடப்புப் பொறுப்பு | `=B2/B3` | 3333200 / 2403500 | 1.39 |
| விரைவு விகிதம் | சரக்கு நீங்கிய நடப்புச் சொத்து ÷ நடப்புப் பொறுப்பு | `=(B2-B6)/B3` | 1468200 / 2403500 | 0.61 |
| வெளிக்கடன் : சொந்த முதல் | எல்லா வெளிப் பொறுப்பும் ÷ சொந்த முதல் | `=(B3+B5)/B4` | 3020100 / 1645400 | 1.84 |
| சரக்கு நிற்கும் நாள் | சரக்கு ÷ விற்ற சரக்கின் அடக்கம் × 365 | `=B6/B8*365` | 1865000 / 9305000 × 365 | 73 |
| பாக்கி வரும் நாள் | வர வேண்டிய பாக்கி ÷ விற்பனை × 365 | `=(BS!B15+BS!B16)/B7*365` | 1328700 / 11240000 × 365 | 43 |

இந்த எண்கள் என்ன சொல்கின்றன

3.18 எங்கே, 1.39 எங்கே! பேப்பர் ஒன்றுதான், ரூபாய் ஒன்றுகூட மாறவில்லை. சிசியும் ஒரு வருடத் தவணையும் இடம் மாறின, பழைய பாக்கி வெளியே போனது, அவ்வளவுதான்.

1.39 நல்லதா? வங்கிகள் இன்றும் 1.33 என்ற எண்ணை மனதில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த டாண்டன் குழு, நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது தொழில் செய்பவர் தன் நீண்ட காலப் பணத்திலிருந்து போட வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தது. கால் பங்கு அப்படி வந்தால் மீதி முக்கால் பங்குதான் நடப்புப் பொறுப்பு. 4-ஐ 3-ஆல் வகுத்தால் 1.33. சின்னக் கடன்களுக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் ஏற்கும் வங்கிகள் உண்டு.

ஆக இந்தக் கடை கோட்டுக்கு மேலே நிற்கிறது, ஆனால் ஓரத்தில்தான். 24,03,500-ஐ 1.33-ஆல் பெருக்கினால் 31,96,655. கையில் இருப்பது 33,33,200. இடைவெளி 1,36,545 மட்டும். இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் விகிதம் 1.32-க்கு இறங்கிவிடும். “அது வந்துரும் தம்பி” என்பதற்கு இப்போது ஒரு விலை தெரிகிறது.

அதே ஷீட்டில் வேறொன்றையும் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் 2,13,250-ஐச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சிசிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் 2,00,000-ஐ சிசியில் போட்டிருந்தால் மேலும் கீழும் இரண்டிரண்டு லட்சம் குறைந்து 31,33,200 ÷ 22,03,500, அதாவது 1.42. விகிதம் 1-க்கு மேல் இருக்கும்போது மேலும் கீழும் ஒரே தொகையைக் குறைத்தால் அது ஏறும். விகிதம் ஏறுவது இருக்கட்டும், வட்டியும் மிச்சம். சிசி என்பதால் தேவைப்பட்டால் லிமிட்டுக்குள் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

0.61 விரைவு விகிதம் ஹார்டுவேர் கடைக்கு ஆச்சரியமில்லை. பணம் அலமாரியில் பெயின்ட் டப்பாவாகவும் போல்ட் நட்டாகவும் உட்கார்ந்திருக்கும் தொழில் இது. 73 நாள் சரக்கு என்பதும் அதையேதான் சொல்கிறது. 

வெளிக்கடன் 1.84 என்றால், சொந்த முதல் ஒரு ரூபாய்க்கு வெளியார் பணம் ஒரு ரூபாய் 84 பைசா. 3-ஐத் தாண்டினால் பொதுவாக வங்கி முகம் சுளிக்கும், அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் குட்வில் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்து இருந்தால் சொந்த முதலிலிருந்து அதைக் கழித்துவிட்டுத்தான் இந்த விகிதம் போடுவார்கள். இந்தக் கடையில் அது இல்லை. மைத்துனர் கொடுத்த நான்கு லட்சம், வங்கிக் கடன் முடியும்வரை திருப்பி எடுக்கப்படாது என்று எழுதிக் கொடுத்தால் சில வங்கிகள் அதைச் சொந்த முதல்போலவே எடுத்துக்கொள்ளும். அப்போது `BS` ஷீட்டின் `C6`-இல் `TL`-ஐ `NW` ஆக்குங்கள், விடை 1.28 ஆகிவிடும்.

மிகவும் ஏமாற்றும் எண் அந்த 43 நாள்தான். இரண்டு பக்கமும் கோளாறு இருக்கிறது. வர வேண்டிய பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், லாப நட்டக் கணக்கின் விற்பனையில் அது இருக்காது. விற்பனை முழுவதற்கும் 18 சதவீதம் என்று வைத்து விற்பனையை 1.18-ஆல் பெருக்கினால் 37 நாள்தான் வருகிறது. நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் இந்தக் கடையில் பாதி வியாபாரம் கல்லாவிலேயே ரொக்கமாக முடிந்துவிடுகிறது. கடனுக்கு விற்றது பாதிதான் என்றால் பாக்கியை அந்தப் பாதியால்தான் வகுக்க வேண்டும். அப்போது ஜிஎஸ்டியைச் சரிசெய்த பிறகும் 73 நாள். கடனுக்கு வாங்குகிறவர் சராசரியாக இரண்டரை மாதம் இழுக்கிறார் என்பதுதான் நிஜம். ஆகவே ரொக்க விற்பனையும் கடன் விற்பனையும் தனியாகத் தெரிந்தால் `Ratio` ஷீட்டின் `B7`-இல் கடன் விற்பனையைப் போட்டு, பெயரையும் மாற்றிவிடுங்கள். தெரியாவிட்டால் ‘மொத்த விற்பனையின் மேல்’ என்று அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எல்லா எண்ணும் மார்ச் 31 என்ற ஒரே நாளின் படம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்பு வீடு வீடாகப் பெயின்ட் அடிக்கும் காலத்தில் இதே கடையின் சரக்கும் பாக்கியும் வேறு மாதிரி இருக்கும்.

வங்கியில் மேனேஜர் அட்டவணையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது விகிதத்தைப் பற்றி அல்ல. “இந்த 1,08,000 பேலன்ஸ் ஷீட்டில் எங்கே இருக்கிறது?” என்றார். நல்லவேளை, மூன்றாவது ஷீட் ஒன்று போட்டு அதில் போட்டோவை ஒட்டி, பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருந்தோம்: 1,08,000 வாகனக் கடன் தவணை அட்டவணையிலிருந்து, 1,90,000 கடை நோட்டிலிருந்து, விற்பனையும் கொள்முதலும் வர்த்தகக் கணக்கிலிருந்து. அண்ணன் தவணை அட்டவணையை எடுத்து மேசைமேல் வைத்தார். மேனேஜர் பில்டர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். அது அன்று எங்களிடம் இல்லை.